ஒரே பெரிய ஆலையா, இரு கட்டங்களில் இரண்டு ஆலைகளா: கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்கிறது. ஒரு கடற்கரை நகரத்தின் ஆலை திறக்கப்படும் நாளில் அதற்கு நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் தேவைப்படுகிறது. அத்தேவை ஆண்டுக்கு 1 கோடி லிட்டர் வீதம் கூடுகிறது. இப்போதே 20 கோடி லிட்டர் ஆலையைக் கட்டிவிடலாம். அல்லது 10 கோடி லிட்டர் ஆலையைக் கட்டிவிட்டு, அது நிரம்பும் ஐந்தாம் ஆண்டில் இன்னொரு 10 கோடி லிட்டர் ஆலையைச் சேர்க்கலாம். ரூபாய்க் கணக்குகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை; ஊர்ப்பெயரோடு வரும் விவரங்கள் உண்மையில் நடந்தவை.

பெரிய ஆலையாகக் கட்டினால் செலவு குறையும் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு குறையும், ஏன் குறைகிறது?

ஆலையை ஒரே பொருளாகப் பார்த்தால் இதற்குச் சரியான விடை கிடைக்காது. அதைக் கடல் சார்ந்த பணிகள், சுத்திகரிப்புப் பகுதி என இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடல்நீரை உயரழுத்தத்தில் சவ்வுகள் வழியே செலுத்தி உப்பைப் பிரிப்பதே எதிர் சவ்வூடு பரவல் முறை. அதில் உள்ளே வரும் கடல்நீரில் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடுதான் நன்னீராகிறது. ஆகவே 10 கோடி லிட்டர் குடிநீருக்கு 22 முதல் 25 கோடி லிட்டர் வரை கடல்நீரை எடுத்தாக வேண்டும். அதற்கான உள்ளெடுப்புக் குழாய், உவர்நீரைத் திரும்பக் கடலில் விடும் குழாய், கரையோர நீரேற்று நிலையம் ஆகியவற்றில்தான் பேரளவுச் சிக்கனம் மிகுதியாகக் கிடைக்கிறது. ஒரு குழாயின் விட்டத்தை 41 விழுக்காடு கூட்டினால், அதே வேகத்தில் அது இரு மடங்கு நீரைக் கொண்டுசெல்லும். அதைப் பதிக்கும் கப்பலுக்கும், கடலடியில் தோண்டும் அகழிக்கும், அலை தணியும் பருவத்திற்காகக் காத்திருக்கும் நாட்களுக்கும் ஆகும் செலவு இரு மடங்காவதில்லை.

சவ்வுகளின் கதை வேறு. எட்டு அங்குல விட்டமுள்ள ஒரு கடல்நீர்ச் சவ்வு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 முதல் 13 கனமீட்டர் நீர் தருவதாக வைத்துக்கொண்டால், 10 கோடி லிட்டருக்கு எட்டாயிரம் சவ்வுகள் வேண்டும். 20 கோடி லிட்டருக்குப் பதினாறாயிரம் வேண்டும். உயரழுத்தப் பம்புகளும் ஆற்றல் மீட்புக் கருவிகளும் பெரும்பாலும் இவ்வாறே எண்ணிக்கையில்தான் பெருகுகின்றன. மொத்தமாக வாங்குவதால் கிடைக்கும் விலைக்குறைப்பும், பொதுவான கட்டுப்பாட்டு அறையும்தான் இங்கே கிடைக்கும் சிக்கனம்.

நம் எடுத்துக்காட்டில் 10 கோடி லிட்டர் ஆலைக்கு ரூ.1,000 கோடி ஆகிறது என்போம்: கடல் பணிகளுக்கு 300 கோடி, சுத்திகரிப்புப் பகுதிக்கு 700 கோடி. கொள்திறனை இரு மடங்காக்கினால் கடல் பணிகள் 424 கோடியாகவும், சுத்திகரிப்புப் பகுதி 1,306 கோடியாகவும் உயரும். மொத்தம் 1,730 கோடி. இரண்டு தனி ஆலைகளுக்கு 2,000 கோடி ஆகும் என்பதால் 270 கோடி குறைகிறது. அதில் 176 கோடி கடலிலிருந்து வருகிறது. சவ்வுக்கூடத்திலிருந்து வருவது 94 கோடி மட்டுமே.

270 கோடி மிச்சமாகிறது என்றால் பெரிய ஆலையையே கட்டிவிடலாமே? இதில் தயங்க என்ன இருக்கிறது?

அந்த 270 கோடி, வெவ்வேறு ஆண்டுகளில் செலவாகும் ரூபாய்களை ஒன்றாகக் கூட்டியதால் வந்த எண். உண்மையில் எடுக்கப்படும் முடிவு வேறு: இன்று கூடுதலாக 730 கோடியைப் போட்டு, பின்னொரு நாளில் ஆகவிருக்கும் 1,000 கோடியைத் தவிர்ப்பது. அந்தப் பின்னொரு நாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இலாபமும் நட்டமும் அமையும்.

பின்னர் செலவாகும் ரூபாயை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு குறைத்துக் கணக்கிடுகிறோம் என்பதே தள்ளுபடி வீதம். விலையேற்றத்தை நீக்கிய தள்ளுபடி வீதம் 10 விழுக்காடு என்று கொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக, ஒவ்வொரு ஆலையின் செலவும் அது திறக்கப்படும் ஆண்டிலேயே முழுமையாக விழுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டிலேயே இரண்டாவது ஆலை தேவைப்பட்டால் அந்த 1,000 கோடியின் இன்றைய மதிப்பு 826 கோடி. அப்போது பெரிய ஆலைதான் மலிவு. ஐந்தாம் ஆண்டில் தேவைப்பட்டால் அதன் இன்றைய மதிப்பு 621 கோடியாகிவிடும். அதைத் தவிர்க்க இன்றே 730 கோடி போடுவது 109 கோடி நட்டம். இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ மூன்றேகால் ஆண்டு. இந்த ஓர் எண்ணைக் கணக்கிடாமல் 'பெரிதாகக் கட்டினால் மலிவு' என்று மட்டும் எழுதப்பட்ட திட்ட அறிக்கையை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

கட்டுமானச் செலவு ஆண்டுதோறும் ஏறுகிறது. இன்றைய 1,000 கோடி ஐந்தாண்டில் 1,300 கோடியாகாதா? அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சேர்க்க வேண்டும், ஆனால் ஒரு முறைதான் சேர்க்க வேண்டும். தொகைகளை இன்றைய விலையிலேயே வைத்துக்கொண்டால், தள்ளுபடி வீதத்திலிருந்தும் விலையேற்றத்தை நீக்கிவிட வேண்டும். தொகைகளை ஏற்றி எழுதினால், கடனுக்கு உண்மையில் கட்டும் வட்டி வீதத்தைப் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் கலப்பதே நான் மிகுதியாகக் காணும் பிழை. ஏற்றி எழுதிய 1,300 கோடியை விலையேற்றம் நீக்கிய வீதத்தால் கழித்தால் பெரிய ஆலை பொய்யாக மலிவாகத் தெரியும். இன்றைய விலையில் எழுதிய தொகையை முழு வட்டி வீதத்தால் கழித்தால் கட்டம் பிரிப்பது பொய்யாக மலிவாகத் தெரியும்.

இந்தப் பிழையின் அளவு சிறிதன்று. கடன் வட்டி 10 விழுக்காடு, கட்டுமான விலையேற்றம் 5 விழுக்காடு என்றால், விலையேற்றம் நீக்கிய வீதம் 4.8 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவுதான். அந்த வீதத்தில் சமநிலை மூன்றேகால் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 6.8 ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகிறது. நம் நகரத்தின் ஐந்தாண்டுக் கணக்கில் பெரிய ஆலையே வென்றுவிடும். மலிவான நீண்டகாலக் கடன் கிடைக்கும் அரசு அமைப்பும், விலை உயர்ந்த மூலதனத்தில் இயங்கும் தனியார் நிறுவனமும் ஒரே தரவிலிருந்து எதிரெதிர் முடிவுக்கு வருவதற்கு இதுவே காரணம். இரு தரப்பும் சரியாகவே கணக்கிட்டிருக்கக்கூடும்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

இல்லை. என் கருத்தில் பெரும்பாலான கடற்கரைத் திட்டங்களுக்கு இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சிக்கனம் எங்கே இருக்கிறதோ அங்கே பெரிதாகவும், அது இல்லாத இடத்தில் கட்டங்களாகவும் கட்டுவது அது.

கடல் பணிகளை மட்டும் 20 கோடி லிட்டருக்குக் கட்டுவதற்கு இன்று கூடுதலாக 124 கோடி ஆகும். பின்னர் ஆகும் 300 கோடி தவிர்க்கப்படும். 10 விழுக்காட்டு வீதத்தில் இது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தாலும் இலாபமே. சுத்திகரிப்புப் பகுதியையும் இன்றே இரட்டிப்பாக்க 606 கோடி கூடுதலாகும். தவிர்க்கப்படுவது 700 கோடி. இதற்குச் சமநிலை ஒன்றரை ஆண்டுதான். ஒரே ஆலைக்குள் இருக்கும் இரு பகுதிகளுக்கு இவ்வளவு வேறுபட்ட விடை வருவதால், 'ஆலை பெரிதா, சிறிதா' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதே நம்மைத் தவறான இடத்திற்கு அழைத்துச் செல்கிறது.

இரண்டாம் கட்டம் ஐந்தாம் ஆண்டில் வருவதாகக் கொண்டு மூன்று வழிகளையும் இன்றைய மதிப்பில் ஒப்பிடலாம். ஒரே பெரிய ஆலைக்கு 1,730 கோடி; முற்றிலும் தனித்தனியான இரண்டு ஆலைகளுக்கு 1,621 கோடி; கடல் பணிகளைப் பெரிதாகவும் சுத்திகரிப்புப் பகுதியை இரு கட்டங்களாகவும் கட்டினால் 1,559 கோடி.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம் இவ்வாறுதான் செய்தது. 2010-இல் இயங்கத் தொடங்கிய கர்னெல் ஆலை நாளொன்றுக்கு 25 கோடி லிட்டருக்குக் கட்டப்பட்டது. ஆனால் கடலுக்குச் செல்லும் சுரங்கங்கள் 50 கோடி லிட்டருக்கு ஏற்ற அளவில் அமைக்கப்பட்டன. பெர்த் நகருக்குத் தெற்கே பின்னிங்கப்பில் ஆண்டுக்கு 5,000 கோடி லிட்டர் தரும் ஆலை 2011-இல் வந்தது. அணைகளுக்கு வரும் நீர் தொடர்ந்து குறைந்ததால் அவ்வாண்டிலேயே அதை இரட்டிப்பாக்கத் தீர்மானித்து, 2013-இன் தொடக்கத்தில் முடித்துவிட்டார்கள்.

தேவை நாம் எதிர்பார்த்தபடி வளராவிட்டால் என்ன ஆகும்?

கட்டம் பிரிப்பதன் மிகப் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் கட்டத்தைக் கட்டாமலே விட்டுவிடும் உரிமை நம் கையில் இருக்கிறது. பெரிய ஆலையைக் கட்டியவருக்கு அந்த உரிமை கிடையாது.

ஐந்தாம் ஆண்டில் இரண்டாம் கட்டம் தேவைப்படுவதற்கு 60 விழுக்காடு வாய்ப்பு, என்றுமே தேவைப்படாமல் போவதற்கு 40 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வோம். பெரிய ஆலையின் செலவு மாறாமல் 1,730 கோடியாகவே நிற்கிறது. தனித்தனி ஆலைகளின் எதிர்பார்ப்புச் செலவு 1,373 கோடியாகக் குறைகிறது. நடுவழியின் செலவு 1,385 கோடி. சற்று முன் வென்ற நடுவழி இப்போது 12 கோடி வேறுபாட்டில் தோற்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரிய குழாய்க்காகப் போட்ட 124 கோடியைத் திரும்பப் பெற, இரண்டாம் கட்டம் வருவதற்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பாவது இருக்க வேண்டும். அவ்வளவு நம்பிக்கை இல்லாத இடத்தில் நிலத்தை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கடலடிக் குழாயைச் சிறிதாகவே பதிப்பது நேர்மையான முடிவு.

மெல்போர்னுக்காக வொந்தாகியில் எழுந்த ஆலை இதற்குக் கனமான சான்று. நீண்ட வறட்சியின் நடுவே 2007-இல் அம்முடிவு எடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 15,000 கோடி லிட்டர் தரும் ஆலையாக ஒரே வீச்சில் கட்டப்பட்டு 2012 டிசம்பரில் முடிந்தது. அதற்குள் மழை திரும்பி அணைகள் நிறைந்துவிட்டதால், முதல் தண்ணீருக்கான ஆணையே 2016-இல்தான் பிறப்பிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி, தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆலை ஆயத்தமாக இருப்பதற்கான கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டியிருந்தது. வறட்சிக்கு எதிரான காப்பீடாக அந்த ஆலையை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் காப்பீட்டை முழு அளவில், முதல் நாளிலேயே வாங்கியாக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பெரிய ஆலையைக் கட்டிவிட்டுப் பாதியை மட்டும் ஓட்டினால் இழப்பு என்ன? எதிர் சவ்வூடு பரவல் ஆலையில் வரிசை வரிசையாக நிறுத்தி வைக்கலாமே?

நிறுத்தி வைக்கலாம், ஆனால் இலவசமாக அன்று. ஓடாத வரிசையின் சவ்வுகளைச் சோடியம் பைசல்பைட்டு போன்ற காப்புக் கரைசலில் ஊறவைத்து, அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். இல்லையேல் நுண்ணுயிர் படலம் படியும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் கருவிகளின் உத்தரவாதக் காலம் கரைகிறது. மின் வாரியத்திடம் பெற்ற ஒப்பந்த மின்தேவைக்கான கட்டணம் பயன்பாடு குறைவாக இருந்தாலும் பெருமளவு வந்துகொண்டே இருக்கும். இத்தகைய நிலைச்செலவுகளைக் கூடுதல் முதலீட்டில் 2 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி ஆகிறது. முன் சொன்ன மூன்றேகால் ஆண்டுச் சமநிலையை இது இன்னும் சுருக்கிவிடும்.

நடுவழிக்கும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 20 கோடி லிட்டர் ஆலைக்கான குழாயில் பாதி நீர் மட்டும் ஓடினால் நீரின் வேகமும் பாதியாகிவிடும். மணலும் சேறும் அடியில் படியும். மட்டிகளும் சிப்பிகளும் சுவரில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். கடல் மட்டத்திற்கும் கரையோர நீர்த்தொட்டியின் மட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை, அதே நீரோட்ட அளவில், மாதந்தோறும் குறித்து வந்தால் இது தெரியும். அந்த வேறுபாடு படிப்படியாகக் கூடினால் குழாய் உள்ளே குறுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே குழாயைத் துப்புரவு செய்யும் உருளையைச் செலுத்துவதற்கான வாயிலை முதல் கட்டத்திலேயே அமைக்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தை எப்போது தொடங்க வேண்டும்? முதல் ஆலை நிரம்பும் வரை காத்திருக்கலாமா?

காத்திருந்தால் தண்ணீர்ப் பஞ்சம் வரும். கட்டி முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறதோ அத்தனை ஆண்டுக்கு முன்னரே முடிவெடுத்தாக வேண்டும். சென்னைக்கு அருகே நெம்மேலியில் கட்டப்பட்ட 15 கோடி லிட்டர் ஆலைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். அடிக்கல் நாட்டப்பட்ட அதே 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. பற்றாக்குறை வந்த பிறகு எடுக்கும் முடிவு அந்தப் பற்றாக்குறைக்கு உதவாது.

நம் எடுத்துக்காட்டில் முதல் ஆலை ஐந்தாம் ஆண்டில் நிரம்புகிறது. இரண்டாவது ஆலையை முழுமையாகப் புதிதாகக் கட்ட ஐந்தாண்டு ஆகுமானால், முதல் ஆலை திறக்கும் நாளிலேயே அதற்கும் உத்தரவிட வேண்டும். அப்போது தேவை எவ்வாறு வளர்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு பெயரளவில்தான் எஞ்சும். ஆனால் கடல் பணிகள் முன்பே முடிந்திருந்தால், மீதமிருப்பது கரைக்கு மேலே சவ்வு வரிசைகளையும் பம்புகளையும் நிறுவும் வேலைதான். அதை இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். மூன்றாம் ஆண்டின் இறுதியில், தேவை 8 கோடி லிட்டரை எட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியும். பெரிய குழாய்க்குச் செலவிட்ட 124 கோடி, பணத்தை மட்டுமன்றி மூன்று ஆண்டுகளுக்கான தகவலையும் நமக்கு வாங்கித் தருகிறது. மேலே வந்த 12 கோடி வேறுபாட்டில் இந்தப் பயன் சேர்க்கப்படவில்லை என்பதால், அவ்வளவு சிறிய இடைவெளி இருக்கும்போது நான் நடுவழியின் பக்கமே சாய்வேன்.

நெம்மேலி ஆலைக்கு ஏறத்தாழ 1,516 கோடி, பேரூரில் கட்டப்படும் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 4,276 கோடி என்று படித்தேன். ஒரு கோடி லிட்டருக்குக் கணக்கிட்டால் பெரியதுதான் விலை கூடுதலாக இருக்கிறதே. பேரளவுச் சிக்கனம் என்பதே பொய்யா?

வகுத்துப் பார்த்தால் நெம்மேலிக்கு 101 கோடியும் பேரூருக்கு 107 கோடியும் வருவது உண்மை. ஆனால் இவை வெவ்வேறு ஆண்டுகளின் விலையில் அமைந்த திட்டத் தொகைகள். ஆலையோடு, குடிநீரை நகருக்குக் கொண்டுசெல்லும் நெடுங்குழாய் போன்ற பணிகளும் திட்டத்திற்குத் திட்டம் வேறுபட்ட அளவில் இத்தகைய தொகைகளில் அடங்கும். ஆலை பெரிதாகும்போது அதன் நீரை ஏற்றுக்கொள்ள இன்னும் தொலைவிலுள்ள பகுதிகள் வரை குழாய் போட வேண்டியிருக்கும் என்பதும் மறக்கக் கூடாத உண்மை. ஆலைக்குள் கிடைத்த சிக்கனத்தின் ஒரு பகுதியை அந்தக் குழாய் விழுங்கிவிடும். மொத்தத் தொகையை மொத்தக் கொள்திறனால் வகுக்கும் கணக்கு சிக்கனம் உண்டு என்றும் நிறுவாது, இல்லை என்றும் நிறுவாது.

தேவை தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை ஆண்டுத் தேவைக்குக் கட்டுவது சரி?

பொருளியலாளர் ஆலன் மேன் 1961-இல் இதற்கு ஓர் அழகிய விடை கண்டார். பின்னர் இந்தியாவின் சிமென்ட், அலுமினியம், உரம் போன்ற தொழில்களுக்கும் இந்த முறை பயன்படுத்தப்பட்டது. தேவை நேர்கோட்டில் வளருமானால், உகந்த அளவு லிட்டரில் அன்று, ஆண்டுகளில் வருகிறது. அந்த ஆண்டுகளின் எண்ணிக்கை வளர்ச்சி வேகத்தைச் சார்ந்ததன்று. பேரளவுச் சிக்கனமும் தள்ளுபடி வீதமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. நம் ஆலையின் சிக்கன அளவில், 10 விழுக்காட்டு வீதத்திற்கு ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஐந்தாண்டு வளர்ச்சிக்கு இருக்க வேண்டும். 5 விழுக்காட்டு வீதத்திற்கு ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல். பெரிய தொழிற்பேட்டை ஒன்று ஒரே நாளில் 4 கோடி லிட்டர் கேட்பது போலத் தேவை படியாக உயரும் இடங்களில் இந்த விதி பொருந்தாது. அங்கே அந்தப் படியின் அளவே ஆலையின் அளவைத் தீர்மானிக்கும்.

கட்டம் பிரிப்பது என்று முடிவு செய்துவிட்டோம். முதல் கட்டத்தில் எதை விட்டுவிட்டால் பிறகு வருந்த நேரிடும்?

இணைப்புப் புள்ளிகளை. பொதுக் குழாய்களில் இரண்டாம் கட்டத்திற்கான கிளையையும், அதை அடைக்கும் வால்வையும், மூடுதட்டையும் இன்றே பொருத்திவிட வேண்டும். இல்லையெனில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைப் பல நாட்கள் நிறுத்தித்தான் குழாயை வெட்ட முடியும். அந்த நாட்களில் நகரத்திற்கு நீர் தருவது யார் என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையில் விடை இருக்காது.

அடுத்தது அனுமதி. சுற்றுச்சூழல் ஆய்வையும் கடற்கரை மண்டல அனுமதியையும் 20 கோடி லிட்டருக்கான உவர்நீர் வெளியேற்றத்தை முன்வைத்தே கோருங்கள்; அதன் காலவரம்பு எப்போது முடிகிறது என்பதையும் குறித்து வையுங்கள். 10 கோடி லிட்டருக்கு மட்டும் அனுமதி பெற்றுவிட்டுப் பெரிய குழாயைப் பதித்தவர், இரண்டாம் கட்டத்தின்போது காகிதத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். மேலே சொன்ன இரண்டு ஆண்டு மீண்டும் நான்கு, ஐந்து ஆண்டாக நீண்டுவிடும்.

கடைசியாக, ஒப்பந்தம். இரண்டாம் கட்டத்தின் விலையை முதல் ஒப்பந்தத்திலேயே, விலைக் குறியீட்டோடு இணைத்து, நாம் விரும்பினால் மட்டும் பயன்படுத்தும் உரிமையாக எழுதி வாங்கலாம். அவ்வாறு எழுதாவிட்டால், ஆலையின் வரைபடமும் கட்டுப்பாட்டு மென்பொருளும் யார் கையில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு எவரும் நியாயமான விலைக்கு அந்த வேலையை ஏற்க முன்வர மாட்டார்கள். வரைபடங்களையும் மென்பொருளையும் முதல் கட்ட ஒப்படைப்பின்போதே நகரத்தின் உடைமையாகப் பெற்றுக்கொள்வது இதற்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு.